பட்டர்ஃப்ளை ஸ்ப்ரெட்: விலை ஒரே புள்ளியில் நிற்கும் என்று நினைத்தால்

[திரையில்: 100-ஐச் சுற்றி மேலும் கீழும் ஆடும் விலைக்கோடு]

ஒரு பங்கு இப்போது 100-இல் இருக்கிறது. அதன் ஆப்ஷன்கள் முடியும் நாளான எக்ஸ்பைரிக்கு மூன்று வாரம் இருக்கிறது. அன்றைக்கும் இது 100-ஐ ஒட்டியே முடியும் என்பது உங்கள் கணிப்பு. ஏறும், இறங்கும் என்று கணிப்பவர்களுக்கு வழிகள் நிறைய இருக்கின்றன. அங்கேயே நிற்கும் என்று நினைப்பவருக்கு, நஷ்டத்துக்கு எல்லை வைத்துக்கொண்டு செய்ய ஏற்றது பட்டர்ஃப்ளை.

[திரையில்: 95, 100, 105 என்று மூன்று ஸ்ட்ரைக்குகள்]

95 ஸ்ட்ரைக் கால் ஒன்றை, அதாவது பங்கை 95-க்கு வாங்கும் உரிமையை, 6.15-க்கு வாங்குகிறோம். 100 ஸ்ட்ரைக் கால் இரண்டை, தலா 3.00-க்கு விற்கிறோம். 105 ஸ்ட்ரைக் கால் ஒன்றை 1.15-க்கு வாங்குகிறோம். கொடுத்தது 7.30, வந்தது 6.00. ஆக நம் கையிலிருந்து போவது 1.30. கமிஷனை விட்டுவிட்டால், இதற்கு மேல் நஷ்டம் வராது.

சரி, எக்ஸ்பைரியில் என்ன ஆகும்? விலை சரியாக 100-இல் முடிந்தால் 95 கால் 5 பெறும், மற்றவை ஒன்றும் பெறாது. 5-இல் 1.30 கழித்தால் லாபம் 3.70. இதுதான் உச்சம். 104-இல் முடிந்தால் 95 கால் 9 தரும், விற்ற இரண்டும் சேர்ந்து 8-ஐப் பிடுங்கிக்கொள்ளும். மிச்சம் 1, போட்டது 1.30, ஆக 0.30 நஷ்டம். 110-க்குப் போனாலும் 105 கால் இருப்பதால் கணக்கு பூஜ்யத்தில் நிற்கும், போட்ட 1.30 மட்டும் போகும். லாபம் கிடைக்கும் எல்லை 96.30 முதல் 103.70 வரை.

[திரையில்: கூடாரம் போன்ற லாபக்கோடு, நடுவில் கூர்முனை]

1.30 போட்டு 3.70 கிடைக்கிறதே, மலிவுதானே என்று தோன்றும். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. எக்ஸ்பைரியில் இது சராசரியாக எவ்வளவு தரும் என்று சந்தை எடை போடுகிறதோ, அந்தத் தொகைதான் கிட்டத்தட்ட இந்த 1.30. 100-ஐ ஒட்டி முடியும் வாய்ப்பு சந்தை நினைப்பதைவிட அதிகம் என்று சொல்ல உங்களிடம் காரணம் இருந்தால் மட்டுமே இது நல்ல விலை. அப்படி ஒரு காரணம், 100 ஸ்ட்ரைக்கில் குவிந்திருக்கும் பெரிய ஓப்பன் இன்ட்ரஸ்ட், அதாவது இன்னும் மூடப்படாத ஒப்பந்தங்கள். அந்த ஆப்ஷன்களை வாங்கி வைத்திருக்கும் மார்க்கெட் மேக்கர்கள், தங்கள் ஆபத்தைக் குறைக்கப் பங்கில் ஹெட்ஜ் செய்யும்போது விலை ஏறினால் விற்பார்கள், இறங்கினால் வாங்குவார்கள். அதனால் விலை ஸ்ட்ரைக்கை நோக்கி இழுக்கப்படும். அவர்கள் விற்ற பக்கம் இருந்தாலோ இதே ஹெட்ஜ் விலையை விரட்டிவிடும். ஓப்பன் இன்ட்ரஸ்ட் எண்ணை மட்டும் பார்த்து யார் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

இறக்கையை, அதாவது இரண்டு ஓர ஸ்ட்ரைக்குகளை, விரித்தால் என்ன? 90, 100, 110 என்று எடுத்தால் செலவு ஏறக்குறைய 4.70. உச்ச லாபம் 5.30, எல்லை 94.70 முதல் 105.30 வரை. இடம் அகலமானது, ஆனால் தவறினால் போகும் பணம் மூன்றரை மடங்கு. இலக்கு உண்மையிலேயே ஒரு புள்ளி என்றால் நான் குறுகிய இறக்கையைத்தான் எடுப்பேன்.

[திரையில்: நாள் குறையக் குறைய உயரும் கூடாரம்]

பலர் ஏமாறும் இடம் இதுதான். விலை 100-இலேயே இருந்தாலும் லாபம் உடனே தெரியாது. அதே வாலட்டிலிட்டி, அதாவது விலை ஆடும் அளவு, நீடித்தால், எக்ஸ்பைரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது இந்த ஸ்ப்ரெட்டின் மதிப்பு சுமார் 2.10தான். கடைசி நாளில் சுமார் 3.45. முழு 5 கடைசி நொடியில்தான், அதுவும் விலை அந்தப் புள்ளியில் இருந்தால். இரண்டாம் வாரத்தில் "ஒன்றும் நகரவில்லையே" என்று பதற வேண்டாம். மதிப்பு கூடுவதில் பெரும்பகுதி கடைசி வாரத்தில்தான் நடக்கும்.

அதற்காகக் கடைசி நொடி வரை உட்கார்ந்திருக்கவும் கூடாது. பங்கு டெலிவரி ஆகும் ஆப்ஷனில், ஒரு ஒப்பந்தம் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். விலை 99.98-இல் முடிகிறது. 95 கால் எக்ஸர்சைஸ் ஆகி 100 பங்கு நம்மிடம் வரும். விற்ற இரண்டு கால்களை எதிர்ப்பக்கம் எக்ஸர்சைஸ் செய்வார்களா? அது பிறகுதான் தெரியும். ஒன்றும் செய்யாவிட்டால் 100 பங்கு கையில், ஒன்றைச் செய்தால் கணக்கு நேர், இரண்டையும் செய்தால் 100 பங்கு ஷார்ட். அடுத்த நாள் விலை தாவினால், 1.30-தான் நஷ்டம் என்ற எல்லை அதோடு போச்சு. பணமாகத் தீர்க்கப்படும் இண்டெக்ஸ் ஆப்ஷன்களில் இந்தச் சிக்கல் இல்லை.

அதனால் பங்கு ஆப்ஷன் என்றால், மதிப்பு 3 அல்லது 3.50-ஐத் தொட்டதும் எக்ஸ்பைரி நாளன்றே, சந்தை மூடுவதற்கு முன், மூன்று ஸ்ட்ரைக்கையும் சேர்த்து ஒரே லிமிட் ஆர்டராக மூடிவிடுங்கள். ஒவ்வொன்றாக மூடினால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை மூன்று இடத்தில் கொடுக்க வேண்டிவரும், அப்புறம் 3.50 திரையில் மட்டும்தான் இருக்கும்.