வாட்ஸ்அப் ஷிப்ட் லிஸ்ட்டை வாரக் கட்டமாக மாற்றுவது எப்படி? (16 மணி நேர டியூட்டி எங்கே ஒளிந்திருக்கிறது?)

[திரை: வாட்ஸ்அப் குரூப், ஐந்து மெசேஜ்கள்]

வணக்கம் மக்களே. இந்த ஐந்து மெசேஜையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு லாட்ஜ் ரிசப்ஷனுக்கான ஒரு வார ஷிப்ட் இது. காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, நைட் 10 முதல் மறுநாள் காலை 6. ஒரு ஷிப்டுக்கு ஒரு ஆள்.

```
[11/07, 8:41 pm] மேனேஜர்: முருகன் திங்கள் டு புதன் காலை, வியாழன் லீவு, வெள்ளி டு ஞாயிறு நைட்
[11/07, 8:42 pm] மேனேஜர்: செல்வம் திங்கள் டு வியாழன் நைட், வெள்ளி லீவு, சனி ஞாயிறு காலை
[11/07, 8:44 pm] மேனேஜர்: ராஜா திங்கள் டு சனி மதியம், ஞாயிறு லீவு
[11/07, 8:47 pm] மேனேஜர்: பாண்டி வியாழன் வெள்ளி காலை, ஞாயிறு மதியம்
[14/07, 12:10 am] செல்வம்: அண்ணே நாளைக்கு நைட் முடியல, பாண்டி வரேன்னு சொல்லிட்டான்
```

இதில் ஒருவர் தொடர்ந்து 16 மணி நேரம் கவுன்டரில் உட்கார வாய்ப்பு இருக்கிறது. யார் என்று தெரிகிறதா? வீடியோவை நிறுத்திவிட்டு யோசியுங்கள். தெரியவில்லை என்றால் உங்கள் மேல் குற்றம் இல்லை. லிஸ்ட் ஆள் வாரியாகப் போகிறது, பிரச்சினையோ நாள் வாரியாக வருகிறது. அதற்குத்தான் பெயர் பக்கவாட்டிலும் கிழமை மேலேயும் இருக்கிற கட்டம்.

[திரை: மெசேஜ்களை காப்பி செய்வது]

முதலில் காப்பி. வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு மெசேஜை மட்டும் காப்பி செய்தால் வெறும் வாசகம்தான் வரும். இரண்டோ அதற்கு மேலோ சேர்த்துத் தேர்ந்தெடுத்து காப்பி செய்தால் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர் எல்லாம் முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். அந்த நேரம் நமக்குக் கட்டாயம் வேண்டும், ஏன் என்று பின்னால் பார்ப்போம். கூகுள் ஷீட்ஸில் ஒரு தனித் தாளில் ஒட்டி வைத்துவிடுங்கள். அதைத் திருத்த வேண்டாம், அது மூலப் பிரதி.

[திரை: காலியான கட்டம், மேலே பெரிய சிவப்புப் பெருக்கல் குறி]

இப்போது எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். நேராகக் கட்டம் போட்டு நிரப்ப ஆரம்பித்துவிடுவோம். வேண்டாம். கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது உடனே புரியும்: எந்த வரவு செலவும் முதலில் குறிப்பேட்டில் நாள் வரிசையில் ஏறும், அதற்குப் பிறகுதான் பேரேட்டில் கணக்கு வாரியாகப் பிரியும். நேராகப் பேரேட்டில் எழுதினால், தப்பு வந்த பிறகு அது எங்கிருந்து வந்தது என்று தேட வழி இருக்காது. நம் கட்டம்தான் பேரேடு. அதற்கு முன்னால் ஒரு குறிப்பேடு வேண்டும்.

அந்தக் குறிப்பேடு நான்கு நெடுவரிசைதான்: பெயர், நாள், ஷிப்ட், எந்த மெசேஜிலிருந்து எடுத்தது. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு வரி. "திங்கள் டு புதன் காலை" என்பது மூன்று வரி ஆகும்.

```
முருகன் | தி | கா | 8:41
முருகன் | செ | கா | 8:41
முருகன் | பு | கா | 8:41
முருகன் | வி | லீ | 8:41
```

கா, ம, நை, லீ. இந்த நான்கு சுருக்கம் போதும். நீளமாக எழுதினால் கடைசியில் போனில் கட்டம் திரைக்குள் அடங்காது. இந்த வாரத்துக்கு மொத்தம் 24 வரி வரும். முருகன், செல்வம், ராஜா ஆளுக்கு 7, பாண்டிக்கு 3.

"இதை ஃபார்முலாவே பிரித்துத் தராதா?" என்று கமெண்ட்டில் வரப்போகிற அந்த நண்பருக்கு: தரும். ஆனால் மேனேஜர் அடுத்த வாரம் "டு" என்பதற்குப் பதில் ஒரு கோடு போடுவார், அதற்கடுத்த வாரம் "வரை" என்று எழுதுவார். அவர் பின்னாலேயே ஃபார்முலாவைத் திருத்திக்கொண்டு ஓடுகிற நேரத்தில் 24 வரியைக் கையால் அடித்துவிடலாம். பெயருக்கும் ஷிப்டுக்கும் டிராப்டவுன் வைத்துக்கொண்டால் எழுத்துப் பிழையும் வராது.

[திரை: கட்டத்தின் முதல் செல், H2]

சரி, இப்போது கட்டம். G நெடுவரிசையில் பெயர்கள், H1 முதல் N1 வரை கிழமைகள். H2-வில் இதைப் போட்டு, வலப்பக்கமும் கீழேயும் இழுத்துவிடுங்கள்.

```
=IFERROR(TEXTJOIN("/",TRUE,FILTER($C$2:$C$60,$A$2:$A$60=$G2,$B$2:$B$60=H$1)),"?")
```

குறிப்பேட்டில் இந்தப் பெயரும் இந்தக் கிழமையும் ஒத்துப்போகிற வரிகளை FILTER தேடி எடுக்கிறது. ஒரு வரி கிடைத்தால் அதைக் காட்டும். இரண்டு கிடைத்தால் TEXTJOIN நடுவில் சாய்கோடு போட்டு "கா/நை" என்று இரண்டையும் காட்டும். VLOOKUP போட்டிருந்தால் முதலில் கண்ணில் பட்டதைக் காட்டிவிட்டு மற்றதை மறைத்திருக்கும். பிவட் டேபிளும் இங்கே உதவாது. ஷீட்ஸில் அது வழக்கமாக எண்ணிக்கைதான் போடும், கட்டத்துக்குள் "கா" வர வேண்டிய இடத்தில் "1" என்று வரும்.

கடைசியில் இருக்கிற கேள்விக்குறியைக் கவனியுங்கள். பலரும் அங்கே வெற்றிடம் விடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. காலிச் செல்லைப் பார்த்து ஒருவர் லீவு என்பார், இன்னொருவர் மறந்துவிட்டார்கள் என்பார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் "?" என்றே இருக்கட்டும்.

| | தி | செ | பு | வி | வெ | ச | ஞா |
|---|---|---|---|---|---|---|---|
| முருகன் | கா | கா | கா | லீ | நை | நை | நை |
| செல்வம் | நை | நை | நை | நை | லீ | கா | கா |
| ராஜா | ம | ம | ம | ம | ம | ம | லீ |
| பாண்டி | ? | ? | ? | கா | கா | ? | ம |

28 செல்லில் 4 கேள்விக்குறி, மீதி 24. குறிப்பேட்டிலும் 24 வரி. கணக்கு சரி. இது ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஷீட்ஸுக்கு அது வேறு ஆள்.

கட்டத்துக்குக் கீழே மூன்று வரிசையில் எண்ணிக்கை. நைட்டுக்கு இது, காலைக்கும் மதியத்துக்கும் உள்ளே இருக்கிற எழுத்தை மட்டும் மாற்றுங்கள்.

```
=COUNTIF(H$2:H$5,"*நை*")
```

எல்லாக் கிழமைக்கும் 1 வர வேண்டும். வருகிறது. மேனேஜர் கெட்டிக்காரர்தான்.

[திரை: மூன்று "லீ" செல்கள் மட்டும் மஞ்சளில்]

ஆனால் ஒரு நிமிடம், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. கட்டத்தில் மூன்று லீவு இருக்கிறது. மூன்றும் ஒரே அளவுச் செல், ஒரே "லீ". நிஜத்தில் மூன்றும் ஒன்றா?

நைட் ஷிப்ட் எந்தக் கிழமையில் தொடங்குகிறதோ அந்தக் கிழமையில்தான் எழுதுகிறோம். ஆகவே செல்வத்தின் வியாழன் நைட் வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்குத்தான் முடிகிறது. அந்த வெள்ளிதான் அவருக்கு லீவு. சனிக்கிழமை காலை 6 மணிக்கு மறுபடி டியூட்டி. ஆக மொத்தம் 24 மணி நேரம், அதில் பாதி தூங்கியே போய்விடும். முருகனைப் பாருங்கள். புதன் மதியம் 2 மணிக்கு வீட்டுக்குப் போகிறார். வியாழன் லீவு. வெள்ளி இரவு 10 மணிக்குத்தான் திரும்ப வருகிறார். 56 மணி நேரம்! ஊருக்கே போய்விட்டு வரலாம். ராஜா நடுவில்: சனி இரவு 10 முதல் திங்கள் மதியம் 2 வரை, 40 மணி நேரம்.

மூன்று பேருக்கும் வாரம் ஒரு லீவுதான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நைட்டிலிருந்து காலைக்கு மாறுகிறவருக்கு லீவு சுருங்கும், காலையிலிருந்து நைட்டுக்கு மாறுகிறவருக்கு நீளும். எப்போதும் ஒரே ஆளுக்கே "நை, லீ, கா" வரிசை விழுந்துகொண்டிருந்தால் அவர் முறைப்பதில் நியாயம் இருக்கிறது. என் கருத்து: நைட்டுக்குப் பின்னால் லீவு வந்தால் அடுத்தது மதியமாகவாவது இருக்க வேண்டும். அப்போது 24 என்பது 32 ஆகிவிடும். உங்கள் இடத்தில் எப்படி என்று கமெண்ட்டில் சொல்லுங்கள், மேனேஜர்கள் சண்டைக்கு வரலாம், வரவேற்கிறேன்.

[திரை: ஐந்தாவது மெசேஜ், 12:10 am பெரிதாக]

இப்போது அந்த 16 மணி நேரம். செல்வத்தின் மெசேஜ் 14-ஆம் தேதி இரவு 12:10-க்கு வந்திருக்கிறது. காலண்டர்படி அது செவ்வாய். ஆனால் செல்வம் திங்கள் நைட் டியூட்டியில் உட்கார்ந்திருக்கிறார், அவர் மனசில் இன்னும் திங்கள்தான். அப்படியென்றால் "நாளைக்கு நைட்" என்பது செவ்வாயா, புதனா?

இரண்டையும் கட்டத்தில் போட்டுப் பாருங்கள். செவ்வாய் நைட் என்றால் பாண்டி புதன் காலை 6 மணிக்கு முடித்துவிட்டு, வியாழன் காலை 6 மணிக்கு வருகிறார். நடுவில் முழுதாக ஒரு நாள். புதன் நைட் என்றால் வியாழன் காலை 6 மணிக்கு முடியும், அதே 6 மணிக்கு அவருடைய காலை ஷிப்ட் தொடங்கும். புதன் இரவு 10 முதல் வியாழன் மதியம் 2 வரை. இதோ உங்கள் 16.

புதன் சரிப்பட்டு வராது என்பதால் செவ்வாய்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். பாண்டியே அதை யோசிக்காமல் தலையாட்டியிருக்கலாம். செல்வத்திடம் "செவ்வாயா புதனா, தேதியோட சொல்லுப்பா" என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு குரூப்பிலேயே போடச் சொல்லுங்கள், பாண்டியும் பார்க்கட்டும்.

செவ்வாய் என்று பதில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். குறிப்பேட்டில் இரண்டு மாற்றம்: செல்வத்தின் செவ்வாய் வரி "நை" என்பதிலிருந்து "லீ" ஆகும், பாண்டிக்கு செவ்வாய் "நை" என்று ஒரு புதுவரி சேரும். இரண்டிலும் நான்காவது நெடுவரிசையில் 14/07, 12:10. பாண்டியைச் சேர்த்துவிட்டு செல்வத்தை எடுக்க மறந்தால் கீழே நைட் எண்ணிக்கை 2 காட்டும். செல்வத்தை மட்டும் எடுத்தால் 0. அந்த வரிசையைப் பார்க்காமல் குரூப்புக்குப் படம் அனுப்ப வேண்டாம். அனுப்பும்போது படத்தின் மேல் "13/07 முதல் 19/07, முதல் திருத்தம்" என்று எழுதுங்கள். இல்லையென்றால் ஒருவர் போனில் பழைய படம், இன்னொருவர் போனில் புதுப்படம், இரண்டு பேரும் ஒரே கவுன்டரில்.

[திரை: கட்டத்தின் இடப்பக்கம் ஒரு சாம்பல் நெடுவரிசை முளைக்கிறது]

இந்தக் கட்டத்துக்கு ஒரு குருட்டு இடம் உண்டு. முருகனுக்கு ஞாயிறு நைட். அது திங்கள் காலை 6 மணிக்கு முடியும். அடுத்த வாரத்துக்குப் புதுக் கட்டம் போட்டு, அவருக்கு மறுபடி "திங்கள் டு புதன் காலை" கொடுத்தால் அதே 16 மணி நேரம் வரும். இரண்டு கட்டமும் தனித்தனியாகப் பார்த்தால் சுத்தமாக இருக்கும், எண்ணிக்கை வரிசையும் 1, 1 என்று சிரிக்கும். ஆகவே பெயருக்கும் திங்களுக்கும் நடுவில் "போன ஞாயிறு" என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, பழைய கட்டத்தின் கடைசி நெடுவரிசையை அதில் மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள், ஃபார்முலாவாக வேண்டாம். சாம்பல் நிறம் கொடுத்துவிடுங்கள். அந்த நெடுவரிசையில் "நை" இருந்து பக்கத்தில் "கா" வந்தால், மெசேஜ் குரூப்புக்குப் போவதற்கு முன்னாலேயே மேனேஜருக்குப் போன் போடுங்கள்.