ஒரே முகவரியில் நான்கு சென்சார்: ஐ2சி பஸ்ஸில் என்ன நடக்கிறது?

[திரையில்: மேசை மீது ஒரு ESP32 போர்டு. அதிலிருந்து நான்கு BME280 மாட்யூல்களுக்கு ஒயர்கள். பின்னால் தெர்மாகோல் பெட்டியில் செய்த முட்டைப் பொரிப்பான்.]

வணக்கம். நண்பர் ஒருவர் வீட்டில் கோழி முட்டை பொரிக்க இந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார். உள்ளே 37.5 டிகிரி இருக்க வேண்டும். நடுவில் இருக்கிறது. நான்கு மூலைகளிலும் இருக்கிறதா என்பதுதான் அவருடைய சந்தேகம். அதனால் மூலைக்கு ஒன்றாக நான்கு BME280 வெப்பநிலை சென்சார் வாங்கி, நான்கிலும் தகவல் போகும் SDA கால்களை ஒன்றாக முறுக்கி, துடிப்பு போகும் SCL கால்களையும் அப்படியே முறுக்கி, போர்டில் சொருகிவிட்டார்.

[திரையில்: சீரியல் மானிட்டர். வெப்பநிலை 26, அடுத்து பூஜ்யத்துக்கு வெகு கீழே, மறுபடி 26.]

அறையில் வைத்துப் பார்த்தபோது வந்தது இது. இதில் வேடிக்கை என்னவென்றால், எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. சென்சார் கிடைத்துவிட்டது என்றுதான் புரோகிராம் சொல்கிறது. சென்சார் பழுது என்று முடிவு செய்து இன்னும் இரண்டு வாங்கினார். பிரச்சினை சென்சாரில் இல்லை.

[திரையில்: பழைய டவுன் பஸ். கூரையை ஒட்டி ஓடும் மணிக் கயிறு.]

பழைய பஸ்களில் கண்டக்டர் இழுக்கும் மணிக் கயிறு ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸின் எந்த இடத்தில் நின்றும் கயிற்றைக் கீழே இழுக்கலாம். ஆனால் யாராலும் அதை மேலே தள்ள முடியாது. விட்டால், ஸ்பிரிங் அதை மேலே கொண்டு போகும். சிப்புகள் பேசிக்கொள்ளும் ஐ2சி ஒயரும் இதேதான். SDA, SCL என்ற அந்த ஒயர் ஜோடிக்குத்தான் ஐ2சி பஸ் என்று பெயர். 1982-இல் பிலிப்ஸ் நிறுவனம் இதை வடிவமைத்தபோது, எந்தச் சிப்பும் ஒயரை மேலே ஏற்றக் கூடாது, தரைக்கு இழுக்க மட்டுமே செய்யலாம் என்று வைத்தார்கள். மேலே ஏற்றுவது புல்-அப் ரெசிஸ்டரின் வேலை. அதுதான் நம் ஸ்பிரிங்.

போர்டு முதலில் ஒரு முகவரியைச் சொல்லும். அந்த முகவரிக்காரர் கயிற்றை ஒருமுறை இழுத்து "இருக்கிறேன்" என்பார். முகவரி ஏழு பிட். மொத்தம் 128 எண்கள், அதில் 16 ஒதுக்கப்பட்டவை. மீதி 112 இருக்கிறதே, தாராளம் என்று தோன்றும். ஆனால் BME280 சிப்புக்குள் பதிந்திருப்பது இரண்டே இரண்டு: 0x76, 0x77. இரண்டில் எது என்பதை SDO என்ற கால் முடிவு செய்கிறது. தரையோடு சேர்த்தால் 0x76, 3.3 வோல்ட்டோடு சேர்த்தால் 0x77. நண்பரின் நான்கு மாட்யூல்களும் ஒரே வகை, SDO நான்கிலும் தரையோடு. ஆக நான்கும் 0x76.

இப்போது போர்டு 0x76-ஐக் கூப்பிட்டால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் கயிற்றை இழுக்கிறார்கள். இழுத்தது ஒருவரா நால்வரா என்று டிரைவருக்குத் தெரியாது. "நீ யார்?" என்று 0xD0 ரெஜிஸ்டரைக் கேட்டால் நான்குமே 0x60 என்கின்றன. எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வதால் பதில் சுத்தமாக வருகிறது. பிழைச் செய்தி வராததன் ரகசியம் இதுதான்.

வெப்பநிலையைக் கேட்கும்போதுதான் குட்டு உடைகிறது. புரிவதற்காக இரண்டு சென்சாரை மட்டும் எடுத்துக்கொள்வோம். வெப்பநிலையின் முதல் பைட் ஒன்றில் 0x7F, மற்றொன்றில் 0x80 என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து எண்கள்.

[திரையில்: இரண்டு பைட்டுகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக.]

```
0x7F   0111 1111
0x80   1000 0000
ஒயரில்  0000 0000
```

ஒருவர் இழுத்தாலும் கயிறு கீழேதான். ஒரு பிட் 1 ஆக வர வேண்டுமென்றால் இரண்டு சென்சாரும் 1 சொல்லியாக வேண்டும். இங்கே எந்த இடத்திலும் இருவரும் சேர்ந்து 1 சொல்லவில்லை. போர்டுக்குக் கிடைப்பது பூஜ்யம். நிஜத்தில் இருந்தது ஓரிரு டிகிரி வித்தியாசம். திரையில் வருவது அண்டார்டிகா. இரண்டின் எண்களும் ஒத்துப்போகும் நேரத்தில் மறுபடி 26 வந்துவிடும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு சிப்புக்கும் தொழிற்சாலையில் பதித்த திருத்த எண்களும் இதே மாதிரி கலந்துதான் படிக்கப்படுகின்றன. அதனால் நம்பும்படி வரும் எண்ணையும் நம்பக் கூடாது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு முகவரியாகக் கூப்பிட்டுப் பார்க்கும் ஸ்கேனர் புரோகிராம் ஒன்றை ஓட்டுங்கள்.

```cpp
for (uint8_t a = 8; a < 120; a++) {
  Wire.beginTransmission(a);
  if (Wire.endTransmission() == 0) Serial.println(a, HEX);
}
```

சொருகியது நான்கு, ஸ்கேனர் காட்டுவது ஒன்று. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே ஒன்று. அப்படியென்றால் முகவரி மோதல்.

[திரையில்: மாட்யூல் நெருக்கத்தில். SDO காலைக் காட்டும் விரல்.]

சரி, என்ன செய்யலாம்? உடனே மல்டிபிளெக்ஸர் வாங்கச் சொல்வார்கள். நான்கு சென்சாருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டு மாட்யூலில் SDO காலை 3.3 வோல்ட்டுக்குக் கொடுங்கள், அவை 0x77 ஆகிவிடும். காலை எதிலும் சேர்க்காமல் தொங்கவிடாதீர்கள், முகவரி இதுதான் என்று சொல்ல முடியாமல் போகும். அப்புறம், ESP32-இல் ஐ2சி வன்பொருளே இரண்டு இருக்கிறது. பலர் ஒன்றை மட்டும் பயன்படுத்திவிட்டு இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். இரண்டு பஸ், பஸ்ஸுக்கு இரண்டு முகவரி. நான்கு ஆகிவிட்டது.

```cpp
Wire.begin(21, 22);
Wire1.begin(25, 26);
a.begin(0x76, &Wire);
b.begin(0x77, &Wire);
c.begin(0x76, &Wire1);
d.begin(0x77, &Wire1);
```

ஐந்தாவது சென்சார் வரும்போதுதான் TCA9548A மல்டிபிளெக்ஸர். ஒரு ஒயர் ஜோடியை எட்டுக் கிளையாகப் பிரிக்கும் சிப். எந்தக் கிளை வேண்டும் என்று ஒரு பைட் எழுதினால் அந்தக் கதவு மட்டும் திறக்கும். அதற்கும் ஒரு முகவரி உண்டு, 0x70 முதல் 0x77 வரை. கடைசி இரண்டைத் தேர்ந்தெடுத்தால் மறுபடி BME280-யோடு மோதல்! அதனால் அதை 0x70-லேயே விட்டுவிடுங்கள். கிளைகளுக்கு முந்தைய பிரதான ஒயரிலும் BME280 எதையும் வைக்காதீர்கள். எந்தக் கதவு திறந்திருந்தாலும் அது குறுக்கே பேசும்.

[திரையில்: அதே பெட்டி. இப்போது ஒயர்கள் ஒன்றரை மீட்டர் நீளம்.]

இனி ஸ்பிரிங்குக்கு வருவோம். புரோகிராமில் புல்-அப்பை இயக்கினால் போதும், ரெசிஸ்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ESP32-க்குள் இருக்கும் புல்-அப் சுமார் 45 கிலோ ஓம். அது நோஞ்சான் ஸ்பிரிங். ஒயருக்கும் சிப்புகளின் கால்களுக்கும் சேர்த்து ஒரு கொள்ளளவு உண்டு. நம் ஒயருக்கு மொத்தம் 200 பைக்கோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொட்டி ரெசிஸ்டர் வழியாக நிரம்பினால்தான் ஒயர் மேலே வரும். அதற்கு ஆகும் நேரம்:

```
t = 0.847 × R × C
45 kΩ  : 7.6 µs
4.7 kΩ : 0.8 µs
```

100 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு துடிப்பே 10 மைக்ரோ செகண்ட். அதில் பாதி மேலே, பாதி கீழே. மேலே ஏறவே 7.6 மைக்ரோ செகண்ட் எடுத்தால் கயிறு உச்சிக்குப் போவதற்குள் அடுத்த இழுப்பு வந்துவிடும். இந்த வேகத்துக்கு விதி அனுமதிப்பது 1 மைக்ரோ செகண்ட். 4.7 கிலோ ஓம் அதற்குள் முடித்துவிடுகிறது. ஆனால் 400 கிலோ ஹெர்ட்ஸுக்குப் போனால் அனுமதி 0.3 மைக்ரோ செகண்ட்தான், அங்கே அதே 4.7 பத்தாது. பெட்டிக்குள் வெப்பம் பார்ப்பதற்கு 400 எதற்கு? 100-லேயே விடுங்கள்.

அப்படியானால் ஸ்பிரிங்கை எவ்வளவு வேண்டுமானாலும் வலுவாக்கலாமா? இங்கேதான் பல மாட்யூல் சேர்க்கிறவர்கள் தெரியாமலே மாட்டுகிறார்கள். கடையில் வாங்கும் மாட்யூல்கள் பெரும்பாலானவற்றில் புல்-அப் ஏற்கனவே ஒட்டியிருக்கும்.

[திரையில்: லென்ஸ் வழியே மாட்யூல். சிறு கறுப்பு ரெசிஸ்டர்கள் மீது 103 என்ற எழுத்து.]

லென்ஸ் வைத்துப் பாருங்கள். 103 என்றால் 10 கிலோ ஓம், 472 என்றால் 4.7 கிலோ ஓம். நீங்கள் சொருகும் ஒவ்வொரு மாட்யூலும் ஒரு ஸ்பிரிங்கைக் கூடவே கொண்டுவருகிறது. எல்லாம் பக்க இணைப்பில் சேர்ந்துவிடும். நம் நான்கு மாட்யூல்களும் 10 கிலோ ஓம் வகை. ஒரு பஸ்ஸுக்கு இரண்டு, ஆக 5 கிலோ ஓம். 200 பைக்கோ ஃபாரட்டுக்கு 0.85 மைக்ரோ செகண்ட் வருகிறது, போதும். தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம்.

ஆனால் போன மாதம் நானே சொதப்பிய போர்டு ஒன்று இருக்கிறது. ஒரே பஸ்ஸில் எட்டு மாட்யூல், முகவரி எல்லாம் வெவ்வேறு, எல்லாவற்றிலும் 472. ஆறு வரை ஒழுங்காக ஓடியது. ஏழாவதைச் சொருகியதும் ஸ்கேனர் ஒருமுறை ஐந்து காட்டியது, அடுத்த முறை ஏழு. எட்டாவதற்கு அப்புறம் சில நேரம் ஒன்றுமே இல்லை. ஒயரை நீட்டிப் பார்த்தேன், குறுக்கிப் பார்த்தேன், ஒரு மாலைப் பொழுது போனது. கடைசியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு SDA-வுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். 590 ஓம்.

ஐ2சி விதிப்படி ஒரு சிப் 3 மில்லி ஆம்பியர் வரை இழுத்தபடி ஒயரை 0.4 வோல்ட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அதற்கு மேல் எந்தச் சிப்பும் உத்தரவாதம் தர வேண்டியதில்லை. 3.3-லிருந்து 0.4-ஐக் கழித்து 3 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 967 ஓம். அதற்குக் கீழே போகக் கூடாது. 590 ஓமில் ஐந்து மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. வலுவான சிப் சமாளிக்கும். பலவீனமானது கயிற்றைப் பாதி வரை இழுத்துவிட்டு நிற்கும். எது நிற்கும் என்பது அந்தந்தச் சிப்பைப் பொறுத்தது. ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் வேறு பதில் சொன்னதற்குக் காரணம் இது.

ஆறு மாட்யூலிலிருந்து அந்த இரண்டிரண்டு ரெசிஸ்டர்களையும் சால்டரிங் அயர்னால் எடுத்துவிட்டேன். இரண்டில் மட்டும் விட்டேன். மீட்டர் 2.35 கிலோ ஓம் காட்டியது. எட்டும் வந்தன.

மீட்டர் கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். மின்சாரம் கொடுத்து, பஸ் சும்மா இருக்கும்போது SDA, SCL இரண்டும் 3.3 வோல்ட் காட்ட வேண்டும். 4-க்கு மேல் காட்டினால் ஏதோ ஒரு மாட்யூலின் புல்-அப் 5 வோல்ட்டில் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். ESP32-இன் கால்கள் 5 வோல்ட்டுக்கானவை அல்ல. அந்த மாட்யூலைக் கழற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு ஆக வேண்டும்.

[திரையில்: பெட்டியின் நான்கு மூலைகள். திரையில் நான்கு எண்கள்: 37.6, 37.4, 37.5, 36.1.]

பெட்டிக்கே திரும்புவோம். இரண்டு பஸ், நான்கு சென்சார், ஒரு மணி நேரம் ஓடியபின் எடுத்த எண்கள் இவை. பின்பக்க இடது மூலை 36.1. முதலில் எனக்கும் சென்சார் மேல்தான் சந்தேகம். அதைக் கழற்றி வலது மூலை சென்சாரோடு இடம் மாற்றினேன். 36.1 மூலையிலேயே நின்றது, சென்சாரோடு நகரவில்லை. நண்பர் மூடியைத் திறந்து பார்த்தார். காற்றாடியை மறைத்தபடி அந்த மூலையில் தண்ணீர்க் கிண்ணம் இருந்தது.