ரெஸ்யூமேயில் ஒரே ஒரு வரி: அதை எப்படித் திருத்துவது?

[திரையில் ஒரு ரெஸ்யூமே, ஒரு வரி மட்டும் மஞ்சளில்]

வணக்கம். இந்த வீடியோவில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதை முழுசாகத் திருத்தப் போகிறோம். பத்து வரியை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட இதுதான் உபயோகம். ஒரு வரியை ஒழுங்காகத் திருத்தத் தெரிந்துவிட்டால் மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

வரி இதுதான்: "ரெஸ்பான்சிபிள் ஃபார் ஹேண்ட்லிங் கஸ்டமர் ஈமெயில்ஸ்." ஆன்லைனில் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் சப்போர்ட் டீமில் இருக்கும் ஒருவர் எழுதியது என்று வைத்துக்கொள்வோம்.

இதில் பொய் ஒன்றும் இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் அதே டீமில் வேலையே செய்யாமல் உட்கார்ந்திருந்தவரும் இதே வரியை எழுதலாம், அதுதான் சிக்கல். அவருக்கு என்ன பொறுப்பு கொடுத்திருந்தார்கள் என்பது தெரிகிறது, அதை வைத்து அவர் என்ன செய்தார் என்பது தெரியவில்லை. "ட்யூட்டீஸ் இன்க்ளூடட்", "இன்வால்வ்ட் இன்", "வொர்க்ட் ஆன்" என்று ஆரம்பிக்கும் வரிகளுக்கும் இதே கதிதான்.

[திரையில் காலியான பக்கம்]

திருத்தும்போது பலரும் முதலில் வினைச்சொல் பட்டியலைத் தேடிப் போவார்கள். "ரெஸ்பான்சிபிள் ஃபார்" என்பதை வெட்டிவிட்டு "மேனேஜ்ட் கஸ்டமர் ஈமெயில்ஸ்" என்று போட்டால் வேலை முடிந்ததாக நினைப்பார்கள். வரி கொஞ்சம் சுருங்கியிருக்கும், அவ்வளவுதான், விஷயம் அதேதான். அதனால் வினைச்சொல்லைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். முதலில் விளைவைக் கண்டுபிடியுங்கள்.

எப்படி? நம்ம ஆளிடம் இப்படிக் கேட்கிறோம்: நீங்கள் சேர்ந்தபோது இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் என்ன வித்தியாசம்? அவர் யோசித்துவிட்டுச் சொல்கிறார்: "வாரத்துக்கு 200 மெயில் மாதிரி நான் பார்ப்பேன். ரீஃபண்ட் எப்போது வரும், முகவரியை மாற்றலாமா என்று பாதிக்கு மேல் ஒரே கேள்விதான் வரும். ஒவ்வொரு தடவையும் புதுசாக டைப் செய்துகொண்டிருந்தோம். அடிக்கடி வரும் 14 கேள்விகளுக்கு நான் பதில் எழுதி வைத்தேன், அப்புறம் டீமில் ஆறு பேரும் அதையே பயன்படுத்த ஆரம்பித்தோம்."

சரி, அதனால் என்ன ஆச்சு? "முன்னாடி ஒருத்தருக்கு முதல் பதில் போக 9 மணி நேரம் ஆகும், மூன்று மாதத்தில் அது 4 மணி நேரத்துக்கு வந்துவிட்டது."

பார்த்தீர்களா, ரெஸ்யூமேயில் ஒரு எழுத்துகூட இல்லாத விஷயம் இது. அவர் மறைக்கவில்லை, தினசரி வேலை என்பதால் சாதனையாக அவருக்கே தோன்றவில்லை.

இப்போது வரியைக் கட்டுவோம். கூகுளின் மனிதவளப் பிரிவுக்குத் தலைமை வகித்த லாஸ்லோ பாக் 2014இல் ஒரு சூத்திரம் எழுதினார்: இதைச் சாதித்தேன், இந்த அளவு அதைக் காட்டும், இதைச் செய்ததால் நடந்தது. மூன்று துண்டும் நம் கையில் இருக்கிறது. சாதித்தது, பதில் நேரம் குறைந்தது. அளவு, 9இலிருந்து 4. செய்தது, 14 பதில்களை எழுதி வைத்தது. இனி வினைச்சொல் தானாக வந்து நிற்கும், நேரம் குறைந்தது, அதனால் "ரெட்யூஸ்ட்" அல்லது "கட்".

[திரையில் புதிய வரி, மெதுவாகத் தோன்றட்டும்]

"கட் ஆவரேஜ் ஃபர்ஸ்ட் ரிப்ளை டைம் ஃப்ரம் 9 ஹவர்ஸ் டு 4 இன் த்ரீ மன்த்ஸ் பை ரைட்டிங் 14 ரிப்ளை டெம்ப்ளேட்ஸ் யூஸ்ட் பை எ டீம் ஆஃப் சிக்ஸ்."

கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் இரண்டு வரிக்குள் அடங்கும். இடது ஓரத்தில் மட்டும் கண்ணை ஓட்டுகிறவருக்குக்கூட முதல் சொல்லிலேயே செயல் தெரிகிறது, அடுத்த சில சொற்களுக்குள் எண் வந்துவிடுகிறது. முடித்த வேலை என்பதால் இறந்தகாலம். இப்போதைய வேலையில் இன்னும் செய்துகொண்டிருப்பதை மட்டும் நிகழ்காலத்தில் எழுதுங்கள்.

இதில் சதவீதம் போட்டிருக்கலாம், 9 மணி 4 ஆனால் சுமார் 56 சதவீதக் குறைவு. நான் போடமாட்டேன். "56 சதவீதம்" என்றால் எதிலிருந்து என்று அடுத்த கேள்வி வரும், "9இலிருந்து 4" என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. சதவீதத்தை உண்மையான தொகையை வெளியே சொல்ல முடியாத இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், விற்பனைத் தொகை மாதிரி. இன்னொன்று, அடிப்படை எண் சின்னதாக இருந்தால் சதவீதம் ஏமாற்றிவிடும். இரண்டு வாடிக்கையாளர் நான்கு ஆனதை "100 சதவீத வளர்ச்சி" என்று எழுதினால், நேர்காணலில் எத்தனை பேர் என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும், மிச்ச வரிகள் மேலும் சந்தேகம் வந்துவிடும். அதேபோல் 40 சதவீதத்திலிருந்து 50க்குப் போனால் அது 10 சதவீதப் புள்ளி உயர்வு, 10 சதவீத உயர்வு அல்ல. எண்களோடு புழங்குகிறவர்கள் இதை உடனே பிடித்துவிடுவார்கள்.

அடுத்து, அந்த 9 எங்கிருந்து வந்தது? ஞாபகத்திலிருந்து என்றால் போதாது. டிக்கெட் மென்பொருளின் மாத அறிக்கை, மேலாளருக்கு அனுப்பிய வாராந்திர மெயில், அப்ரைசல் படிவம், இதில் எங்காவது இருக்கும், வேலையை விடுவதற்கு முன்பே எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கோப்பையே வெளியே எடுத்துப் போகாதீர்கள், அது வேறு வம்பு.

எண்ணே கிடைக்காத வேலைகளும் உண்டு. அப்போது விளைவுக்குப் பதிலாக வேலையின் அளவைச் சொல்லலாம்: வாரம் சுமார் 200 மெயில், ஆறு பேர் டீம், நான்கு கிளைகள். "சுமார்" என்று எழுதுவதில் தப்பே இல்லை, ஆனால் குறைந்தபட்சமாக மதிப்பிடுங்கள், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். எல்லா வரியிலும் எண் வேண்டும் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம். "செயல்திறனை 30 சதவீதம் உயர்த்தினேன்" என்று சிலர் எழுதுவார்கள். எதன் செயல்திறன், யார் அளந்தது? பதில் இல்லை என்றால் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள், எண் இல்லாத நேர்மையான வரி எவ்வளவோ மேல்.

கடைசியாக, வினைச்சொல்லின் எடை. நம்ம ஆள் "லெட்" என்று எழுதலாமா? டீம் அவர் எழுதியதைப் பயன்படுத்தியது, அவர் டீமை நடத்தவில்லை. அதனால் கூடாது. "ஸ்பியர்ஹெடட்" இன்னும் மோசம், பதில் எழுதி வைத்ததற்கு அது ரொம்பப் பெரிய சொல். இன்னொரு பக்கம், அவரே தனியாகச் செய்ததை "ஹெல்ப்ட்" என்று குறைத்து எழுதுவதும் தப்புதான். நான்கு பேர் சேர்ந்து செய்த வேலையாக இருந்தால் உங்கள் பங்கை மட்டும் வினைச்சொல்லில் வையுங்கள்: பதில்களை எழுதியது நீங்கள், மென்பொருளில் ஏற்றியது இன்னொருவர் என்றால், உங்கள் வரி "ரோட்" என்று ஆரம்பிக்கட்டும், நேரம் குறைந்தது டீமின் பலன் என்று பின்பாதியில் வரட்டும்.

இப்போது உங்கள் ரெஸ்யூமேயில் "ரெஸ்பான்சிபிள் ஃபார்" என்று தேடிப் பாருங்கள். அகப்படும் முதல் வரியை எடுத்து, நீங்கள் வந்ததற்குப் பிறகு அங்கே என்ன மாறியது என்று பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.