"கோல்டு"ன்னா என்ன கோல்டு? காபித்தூள் பாக்கெட்டுக்குப் பெயர் மாற்றிய கதை

வணக்கம், எல்லாரும் நலமா? பின்னால் சத்தம் கேட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள், அரைக்கிற மெஷின் ஓடுகிறது. வழக்கம்போல முதல் டிகாக்ஷன் இறங்கியதும் கேமராவை வைத்துவிட்டேன். இன்றைக்கு டம்ளரில் இருப்பது நான் வறுத்து விற்கிற தூளில் ஒன்று, பெயர் 80 காபி 20 சிக்கரி. இந்தப் பெயரைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று கடைசிவரை பார்த்தால் புரியும்.

போன வியாழக்கிழமை ஒரு போன் வந்தது. இரவு ஷிப்ட் வேலை பார்க்கிற ஒரு தம்பி. "அக்கா, உங்க ஸ்ட்ராங் வாங்கினேன், ரெண்டு ஸ்பூன் கூடப் போட்டும் ரெண்டு மணிக்குத் தூக்கம் சொக்குது" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. நம்முடைய ஸ்ட்ராங் என்ன தெரியுமா? நூறில் அறுபதுதான் காபி, மீதி நாற்பது சிக்கரி. சிக்கரி ஒரு செடியின் வேர். அதை வறுத்து அரைத்துக் கலந்தால் டிகாக்ஷன் கருப்பாக, கெட்டியாக இறங்கும், கசப்பும் ஏறும். ஆனால் அதில் காஃபீன் கிடையாது. தூக்கம் போக வேண்டும் என்று வந்தவருக்கு, நான் விற்பதிலேயே தூக்கத்தை மிகக் குறைவாகக் கலைக்கிற தூளைக் கொடுத்திருக்கிறேன். அதுவும் "ஸ்ட்ராங்" என்று கொட்டை எழுத்தில் எழுதி.

அந்தத் தம்பியின் மேல் ஒரு தவறும் இல்லை. "ஸ்ட்ராங்" என்ற சொல்லை என் அம்மா நிறத்துக்குச் சொல்வார், எதிர்வீட்டு மாமா கசப்புக்குச் சொல்வார், இவர் தூக்கம் கலைவதற்குச் சொல்கிறார். மூன்று பேருக்கும் மூன்று வேறு தூள் வேண்டும், நான் வைத்திருந்ததோ ஒரே பெயர். இப்படிப்பட்ட சொல் பாக்கெட்டின் முகப்பில் இருக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்கு நம் நான்கு வகையும் தெரியும். ப்யூர், பிளாட்டினம், கோல்டு, ஸ்ட்ராங். ப்யூரில் சிக்கரியே இல்லை, பிளாட்டினத்தில் 20, கோல்டில் 30, ஸ்ட்ராங்கில் 40. நான் வறுக்கிறேன், நான் கலக்கிறேன், அதனால் எனக்கு மனப்பாடம். வாங்குகிறவருக்கு? பிளாட்டினம் கோல்டைவிட மேல் என்று புரியும், சரி. எதில் மேல்? வாசனையிலா, கெட்டித்தன்மையிலா, விலையிலா? அப்புறம் ஸ்ட்ராங் என்பது கோல்டுக்கு மேலா கீழா? அது அந்தப் படிக்கட்டிலேயே இல்லாத பெயர். ப்யூர் வேறு தனியாக நிற்கிறது. ஒரே ஒரு விஷயம்தான் இந்த நான்கிலும் மாறுகிறது, சிக்கரியின் அளவு. அந்த ஒன்றைத்தான் நான்கு பெயருமே சொல்லவில்லை.

இன்னொன்று, இதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே இல்லை. சிக்கரி கலந்த தூளில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சடித்தே ஆக வேண்டும், சட்டமே அப்படித்தான். காபி 51 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. நானும் ஒழுங்காக அடித்திருந்தேன். எங்கே? பின்பக்கம், தயாரித்த தேதிக்குக் கீழே, குட்டி எழுத்தில். வாங்குகிறவருக்கு வேண்டிய ஒரே தகவல் முதுகில் இருந்தது, ஒன்றுமே சொல்லாத "கோல்டு" நெற்றியில் இருந்தது.

ஆக, அன்று இரவே பெயரை மாற்றினேன். முதலில் எழுதியது 80:20, 70:30, 60:40. ரொம்பப் பெருமையாகச் சித்திக்கு அனுப்பினேன். சித்தி கேட்டார், "இதுல எது காபி, எது சிக்கரி?" எனக்குச் சுருக்கென்றது, ஆனால் நியாயமான கேள்வி. காபிக் கடைக்காரர்களுக்குக் காபிதான் முதலில் என்பது பழக்கம். அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு இரண்டு எண்ணும் நடுவில் இரண்டு புள்ளியும்தான் தெரியும். அதனால் முழுசாகவே எழுதிவிட்டேன்:

100 காபி
80 காபி 20 சிக்கரி
70 காபி 30 சிக்கரி
60 காபி 40 சிக்கரி

இவ்வளவுதான். எல்லாவற்றிலும் ஒரே வரிசை, ஒரே சொற்கள், எண் மட்டும் மாறுகிறது. கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினால் எண்தான் கண்ணில் படும்.

எண்ணை ஏன் முதலில் வைத்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். முன்பு வாட்ஸ்அப் கேட்டலாகில் பெயர் எப்படி இருந்தது? "எங்கள் வீட்டு ஃபில்டர் காபித்தூள் - கோல்டு". என் போனில் பார்த்தால் நான்குக்கும் "எங்கள் வீட்டு ஃபில்டர் கா…" என்று வந்து மூன்று புள்ளியோடு நின்றுவிடும். நான்கும் ஒரே பெயர், ஒரே பழுப்புநிறப் படம்! இரண்டு வருஷம் அப்படி விற்றிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பொதுவான சொல் பின்னால் போக வேண்டும், வேறுபடுகிற சொல் முன்னால் வர வேண்டும். உங்கள் கடைப் பெயர் எவ்வளவு ஆசையாக வைத்ததாக இருந்தாலும் அது ஒவ்வொரு பொருளின் தலையிலும் உட்கார வேண்டாம், பாக்கெட்டின் மூலையில் அழகாக இருக்கட்டும்.

அட, ஒன்றை விட்டுவிட்டேன், கொஞ்சம் பின்னால் போகிறேன். கொட்டையின் பெயர். முன்பு ப்யூர் பாக்கெட்டில் "பிளான்டேஷன் ஏ, பீபெரி" என்று போட்டிருந்தேன். ஒருவர் "பிளான்டேஷன் ஏன்னா எந்த ஊர் எஸ்டேட்?" என்று கேட்டார். அது எஸ்டேட்டே இல்லை. பழத்தோலை நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிகா வகைக் கொட்டைக்கு நம் நாட்டு வணிகத்தில் பிளான்டேஷன் என்று பெயர். ஏ என்பது கொட்டையின் பருமன், ஏஏ அதைவிடப் பெரியது. பீபெரி என்றால் பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் உருண்டையாக ஒன்றே ஒன்று இருப்பது. எனக்கு இதெல்லாம் உயிர், மணிக்கணக்காகப் பேசுவேன். ஆனால் நான்கு வகைக்கும் ஒரே கொட்டைதான் போடுகிறேன். அப்படியிருக்க அதைப் பெயரில் வைத்தால் வகைக்கு வகை கொட்டை மாறுகிறது என்றுதான் நினைப்பார்கள். அதைக் கீழே விவரத்துக்கு அனுப்பிவிட்டேன். அரைப்பின் நைஸும் அப்படியே. எவர்சில்வர் ஃபில்டருக்கா, பிரெஞ்சு பிரெஸ்ஸுக்கா என்று ஆர்டர் போடும்போது தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதையும் பெயரில் சேர்த்தால் நான்கு வகை எட்டாகிவிடும்.

சரி, ஸ்டிக்கர். இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பழைய ஸ்டிக்கர் 600 மீதி. ஒன்று 1 ரூபாய் 80 காசு, ஆக 1,080 ரூபாய் சும்மா கிடக்கிறது. புதிதாக அடிக்கக் கேட்டால் அதே அளவு, அதே தாள், 3 ரூபாய் 20 காசு என்கிறார்கள். எதற்கு என்றால் லேமினேஷனாம். எனக்கு லேமினேஷன் பிடிக்காது என்று உங்களுக்கே தெரியும், பளபளப்பில் எழுத்து மறையும். மூன்று அச்சகம் ஏறி இறங்கினேன். நான்காவது இடத்தில் லேமினேஷன் இல்லாமல் குட்டி வட்ட ஸ்டிக்கர், 90 காசு! பழைய பாக்கெட்டில் "கோல்டு" என்ற எழுத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. 600க்கு 540 ரூபாய். பழைய ஸ்டிக்கர் ஒன்றுகூட வீணாகவில்லை. வீட்டுக்கு வந்து அந்த ஆனந்தத்தில் ஒரு டம்ளர் காபி கூடுதலாகக் குடித்தேன்.

ஆனால் பழைய பெயரை ஒரேயடியாகத் துடைக்கவில்லை. மாசாமாசம் "ரெண்டு கோல்டு அனுப்பும்மா" என்று வாய்ஸ் அனுப்புகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேடும்போது கோல்டு இல்லை என்றால் கடை மாறிவிட்டதோ என்று பயந்துவிடுவார்கள். அதனால் மூன்று மாதத்துக்கு "70 காபி 30 சிக்கரி, முன்பு கோல்டு" என்று இருக்கும். ஸ்ட்ராங்குக்கு மட்டும் அந்த "முன்பு" கிடையாது. அந்தச் சொல் இன்னும் ஒருவரை ஏமாற்ற நான் விடமாட்டேன். அதை வாங்கிக்கொண்டிருந்த முப்பது சொச்சம் பேருக்கும் நானே போன் செய்து சொல்லிவிட்டேன்.

பெயர் புரிகிறதா என்று எப்படித் தெரிந்துகொண்டேன்? பழைய பட்டியலை எங்கள் தெருவில் ஆறு பேருக்குப் போனில் காட்டினேன். ஐந்து எண்ணும் வரை பார்க்கச் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக்கொண்டு, "சிக்கரி குறைவாக இருப்பது எது?" என்று கேட்டேன். சரியாகச் சொன்னது ஒரே ஒருவர், அவரும் நம் பழைய வாடிக்கையாளர். புதிய பட்டியலை வேறு ஆறு பேருக்குக் காட்டினேன். வேறு ஆட்கள்தான் முக்கியம், அதே ஆட்களிடம் கேட்டால் இதற்குள் படித்திருப்பார்கள். ஐந்து பேர் பட்டென்று சொன்னார்கள். ஆறாவது பாட்டி கண்ணாடி எடுத்து வரவில்லை. "புரிகிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், நம் முகத்துக்காக எல்லாரும் புரிகிறது என்பார்கள்.

காம்போவுக்கு வருவோம். நம்மிடம் இருந்தவை மினி காம்போ, மாதக் காம்போ. மாதக் காம்போ ஒரு கிலோ. ஆறு பேர் உள்ள ஒரு வீட்டில் வாங்கி, எட்டு நாளில் தீர்ந்து, "மாசம்னு போட்டிருக்கீங்களே" என்று கேட்டார்கள். என் அளவில் ஒரு டம்ளருக்குப் பத்து கிராம். இரண்டு பேர், இரண்டு வேளை என்றால் நாளைக்கு 40 கிராம், ஒரு கிலோ 25 நாள் வரும். ஆறு பேருக்கு நாளைக்கு 120 கிராம், எட்டே நாள். "மாதம்" என்பது என் வீட்டுக் கணக்கு. இப்போது அதன் பெயர் "1 கிலோ: 70 காபி 30 சிக்கரி, 500 கிராம் 2 பாக்கெட்". பெயர் அழகாக இல்லைதான், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்காமலே தெரிகிறது. எத்தனை பேருக்கு எத்தனை நாள் என்பது கீழே விவரத்தில். மினி காம்போ இனி "4 வகை ருசி பார்க்க, தலா 50 கிராம்". இங்கே "ருசி பார்க்க" என்பதை விட்டுவைத்தேன், ஏனென்றால் அது எதற்கு வாங்குவது என்பதைச் சொல்கிறது.

அந்த ஷிப்ட் தம்பிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ரோபஸ்டா என்கிற இன்னொரு வகைக் கொட்டையில் அராபிகாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் உண்டு. அதைக் கொஞ்சம் சேர்த்து, சிக்கரி இல்லாமல் ஒரு தூள் கலந்து அனுப்பினேன். சனிக்கிழமை அதிகாலை நாலரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வந்திருந்தது. அதையும் பட்டியலில் போடலாம் என்றிருக்கிறேன். இங்கே கொட்டையே மாறுகிறது, ஆகவே இந்த ஒன்றில் மட்டும் கொட்டையின் பெயர் வரலாம்: "100 காபி, ரோபஸ்டா சேர்த்தது". நாளைக்கு இதை எதிர்வீட்டு மாமாவிடம் காட்டி, ஐந்து எண்ணப் போகிறேன்.