காது குறுகுறுத்தால்தான் பீட்டா அலனைன் வேலை செய்கிறதா?

வணக்கம். போன வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இன்றைக்கு. "அண்ணா, பீட்டா அலனைன் பவுடர் எடுத்தபோது முகம், காது எல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது. இப்போது மாத்திரைக்கு மாறினேன். ஒன்றுமே தெரியவில்லை. இது போலியா?"

பீட்டா அலனைன் என்பது ஓட்டக்காரர்களும் ஜிம் போகிறவர்களும் துணை உணவாக எடுக்கும் ஒரு அமினோ அமிலம். இந்தச் சந்தேகம் நிறையப் பேருக்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது. முதல் தடவை வாங்கியபோது ஒரு முழு ஸ்கூப்பை, 3 கிராமுக்கு மேல் இருக்கும், வெறும் வயிற்றில் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு மைதானத்துக்குப் போனேன். ஷூ லேஸ் கட்டும்போது காது மடலில் ஆரம்பித்தது. அப்புறம் கழுத்து, தலை, புறங்கை. ஏதோ அலர்ஜி என்று பயந்து திரும்பி வந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் தானாகவே அடங்கியது. அடுத்த வாரத்துக்குள் மனம் தலைகீழாக மாறிவிட்டது. குறுகுறுப்பு வந்தால்தான் நல்ல சரக்கு என்று நம்ப ஆரம்பித்தேன். அந்த பயமும் தவறு, இந்த நம்பிக்கையும் தவறு. தோலில் நடப்பது ஒரு கதை, தசையில் நடப்பது வேறு கதை.

முதலில் தசைக்கு வருவோம். நான் ஓடுவது 800 மீட்டர். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். முதல் சுற்று நன்றாகப் போகும். இரண்டாவது சுற்றில் கடைசி வளைவு வரும்போது தொடை கல்லாகிவிடும். அந்த வேகத்தில் தசைக்குத் தேவைப்படும் சக்தியை ஆக்சிஜன் மட்டும் கொடுத்து முடியாது. சர்க்கரையை அவசரமாக உடைத்துத்தான் ஓட வேண்டும். அப்போது ஹைட்ரஜன் அயனிகள், அதாவது அமிலம், குவிகின்றன. சும்மா இருக்கும் தசையின் பி.எச். அளவு 7.1 அளவில் இருக்கும். இப்படி ஓடி முடிக்கும்போது 6.5 வரை இறங்கலாம். தசை தளர்வதற்கு அமிலம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதுவும் ஒரு முக்கியமான காரணம்.

இந்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள தசைக்குள் சில பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கார்னோசின். 1900ஆம் ஆண்டிலேயே ரஷ்ய வேதியியலாளர் குலேவிச் இதை இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். பெயரும் இறைச்சிக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். இரண்டு அமினோ அமிலங்கள் கைகோத்த சின்ன மூலக்கூறு இது: ஒன்று பீட்டா அலனைன், இன்னொன்று ஹிஸ்டிடின். அமிலத்தைப் பிடிப்பது ஹிஸ்டிடின் பக்கத்தில் இருக்கும் வளையம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கார்னோசின் பாதி நிரம்பி பாதி காலியாக இருக்கும் பி.எச். 6.83. நம் தசை ஓடும்போது 7.1 முதல் 6.5 வரை இறங்குகிறது என்றேன் அல்லவா, 6.83 கிட்டத்தட்ட அதன் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. நூறு கார்னோசின் மூலக்கூறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் தொடங்கும் முன் அதில் சுமார் 35 ஏற்கெனவே ஆளுக்கொரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்திருக்கும். 6.5க்கு இறங்கும்போது சுமார் 68 பிடித்திருக்கும். அதாவது ஓட்டத்துக்குள்ளேயே நூறுக்கு 33 புதிதாகப் பிடிக்கின்றன. பி.எச். 5இலோ 9இலோ பாதி நிரம்பும் பொருளாக இருந்திருந்தால் இந்த இடைவெளியில் அதனால் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆக, கார்னோசினின் எண்ணிக்கையைக் கூட்டினால் பிடிக்கும் கைகளும் அதே விகிதத்தில் கூடும். தசையில் இருக்கும் மற்றப் புரதங்களும் பாஸ்பேட்டும் கூட இந்த வேலையைச் செய்கின்றன, கார்னோசின் செய்வது ஒரு பங்குதான். ஆனால் சாப்பாட்டு மூலம் நம்மால் இவ்வளவு ஏற்ற முடிகிற பங்கு இது.

சரி, அப்படியென்றால் கார்னோசினையே சாப்பிட்டால் என்ன? அது தசைக்கு முழுசாகப் போய்ச் சேராது. மனித ரத்தத்தில் கார்னோசினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வழியிலேயே இரண்டாகப் பிரித்துவிடும். தசை தன் கார்னோசினைத் தானேதான் கட்டிக்கொள்கிறது. கட்டுவதற்கு ஹிஸ்டிடின் தாராளமாகக் கிடைக்கிறது. பற்றாக்குறை பீட்டா அலனைனுக்குத்தான். செங்கல் மலையாகக் கிடக்க, சிமெண்ட் மட்டும் மூட்டை மூட்டையாக வர வேண்டிய வீடு போல. சிமெண்ட் வந்தால் சுவர் எழும்பும். இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு உணவிலிருந்து இது கிட்டத்தட்ட வருவதே இல்லை. கல்லீரல் தயாரிக்கும் சிறிதளவுதான். அதனால் அவர்கள் தசையில் கார்னோசின் பொதுவாகக் குறைவாகவே இருக்கும்.

எவ்வளவு ஏறுகிறது? ரோஜர் ஹாரிஸ் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரம் தினமும் பீட்டா அலனைன் எடுத்தவர்களின் தொடைத் தசையில் கார்னோசின் 40 முதல் 65 சதவீதம் வரை கூடியது. அடுத்த ஆண்டு வந்த ஹில் குழுவின் சைக்கிள் ஆய்வில் நான்கு வாரத்தில் சுமார் 59 சதவீதம், பத்து வாரத்தில் 80 சதவீதம். இந்த வார எண்ணிக்கையைக் கவனியுங்கள். இன்று மாலை ஓட்டத்துக்கு முன் அரை மணி நேரத்தில் குடிக்கும் ஸ்கூப் இன்று மாலை ஓட்டத்துக்கு எதுவும் செய்வதில்லை. அது நான்கைந்து வாரம் கழித்து வரும் ஓட்டத்துக்கான சிமெண்ட். ப்ரீ-ஒர்க்அவுட் டப்பாவில் இதைப் போடுவதால் நாம் ஏமாறுகிறோம். உடனே தெரியும் சுறுசுறுப்பு அதில் இருக்கும் காஃபின் கொடுப்பது. உடனே தெரியும் குறுகுறுப்பு பீட்டா அலனைன் தோலில் கொடுப்பது. இரண்டும் சேர்ந்து "சரக்கு ஏறிவிட்டது" என்று நம்மை நம்ப வைக்கின்றன.

இப்போது தோல். நம் தோலின் மேலடுக்கு வரை வந்து முடியும் மெல்லிய நரம்பு நுனிகள் உண்டு. அவற்றில் ஒரு வகையின் மேல் எம்.ஆர்.ஜி.பி.ஆர்.டி என்ற ஏற்பி இருக்கிறது. பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பீட்டா அலனைன் இந்தப் பூட்டுக்குப் பொருந்தும் சாவி. ரத்தத்தில் அதன் அளவு திடீரென எகிறினால் தோல் நரம்புகள் விழித்துக்கொண்டு "ஏதோ ஊர்கிறது" என்று மூளைக்குச் சொல்லும். உண்மையில் எதுவும் ஊரவில்லை, தோலில் காயமும் இல்லை. 2012இல் வந்த ஒரு ஆய்வில், இந்த ஏற்பி இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு பீட்டா அலனைனை ஊசியாகப் போட்டபோது அவை சொறிந்துகொள்ளவில்லை. சாதாரண எலிகள் சொறிந்துகொண்டன. மனிதர்களின் தோலில் போட்டபோது அரிப்பு வந்தது, ஆனால் தடிப்போ சிவந்த வட்டமோ வரவில்லை. கொசு கடித்தால் வீங்குவது ஹிஸ்டமைனால். இது அந்த வழியே இல்லை.

இதை வைத்தே வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். எடுத்து 15, 20 நிமிடத்தில் முகம், காது, தலை, கழுத்து, கைப்பக்கம் குறுகுறுத்து, ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டால் அது பீட்டா அலனைன். தோல் தடித்தால், உதடோ கண்ணோ வீங்கினால், மூச்சு இழுத்தால் அது வேறு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகம் சிவந்து சூடாக எரிந்தால் டப்பாவின் பின்பக்கம் நியாசின் என்று இருக்கிறதா பாருங்கள். அது தனி விஷயம்.

இப்போது தம்பியின் மாத்திரை. குறுகுறுப்பு மொத்தமாக எவ்வளவு எடுத்தோம் என்பதைப் பொறுத்து வருவதில்லை, ரத்தத்தில் அளவு எவ்வளவு வேகமாக, எவ்வளவு உயரத்துக்கு ஏறியது என்பதைப் பொறுத்து வருகிறது. ஹாரிஸ் ஆய்விலேயே, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் ஒரே தடவையில் கொடுத்தபோது தாங்க முடியாத குறுகுறுப்பு. கிலோவுக்கு 10 மில்லிகிராம் கொடுத்தபோது லேசாக மட்டும். என் எடை 70 கிலோ. அப்படியானால் 40 என்பது 2.8 கிராம், அந்த முதல் நாள் நான் குடித்த ஸ்கூப் அதைவிடக் கொஞ்சம் கூட. 10 என்பது 0.7 கிராம். கிலோவுக்கு அதே 40 மில்லிகிராம் பீட்டா அலனைன் உள்ள கோழிச் சாறைக் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் உச்ச அளவு ஏறக்குறைய பாதிதான் வந்தது. அதில் அது கார்னோசினாகக் கட்டுண்டு இருப்பதால் மெதுவாகத்தான் வெளியே வரும். சூப் குடித்துக் காது குறுகுறுத்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை அல்லவா? மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையும் அதையேதான் செய்கிறது. ஆகவே தம்பி, அட்டையில் மெதுவாக வெளியிடும் வகை என்று போட்டிருந்தால், குறுகுறுப்பு இல்லாதது அது சரியாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கான அறிகுறி. தசைக்கு அது குறைச்சல் இல்லை. குறுகுறுப்பை வரவழைக்க டோஸை ஏற்ற வேண்டாம்.

பவுடர்தான் என்றால் நான் செய்வதைக் காட்டுகிறேன். இதோ தராசு. ஸ்கூப்பை நம்ப மாட்டேன், தட்டி நிரப்பினால் ஒரு அளவு, தூவி நிரப்பினால் ஒரு அளவு. 0.8 கிராம், இந்த நாலு சின்ன டப்பாவிலும் ஒவ்வொன்றிலும். காலை, மதியம், மாலை, இரவு, சாப்பாட்டோடு. மூன்று மணி நேரமாவது இடைவெளி. மொத்தம் 3.2 கிராம். தினமும் 4 முதல் 6 கிராம் வரை எடுக்கும் ஆய்வுகள் உண்டு, எனக்கு இதுவே போதும். ப்ரீ-ஒர்க்அவுட் கலவையை இப்படி நாலாகப் பிரிக்கக் கூடாது, இரவுச் சாப்பாட்டோடு காஃபினும் போய்விடும். தனி பீட்டா அலனைனாக வாங்குங்கள். கர்ப்பிணிகள், சிறுநீரகம் சம்பந்தப்பட்ட மருந்து எடுப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

யாருக்குப் பயன்? ஒரு நிமிடம் முதல் நாலு நிமிடம் வரை முழு வேகத்தில் போகும் வேலைக்குத்தான் தெளிவான பலன். 400, 800 மீட்டர், படகுப் போட்டி, 100, 200 மீட்டர் நீச்சல், இடைவெளி விட்டு விட்டுச் செய்யும் கடும் பயிற்சி. ஐந்து ரெப்ஸ் ஸ்குவாட் பத்துப் பதினைந்து நொடியில் முடிந்துவிடும், அதற்குள் அமிலம் பிரச்சினையாக வளர்வதில்லை. பலனும் பெரிதல்ல, சில சதவீதம். 2:10இல் ஓடுபவருக்கு ஒன்றிரண்டு நொடி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆளுக்கு ஆள் கார்னோசின் ஏறும் அளவு மாறும். 800 மீட்டரில் ஒரு நொடிக்காக ஒரு வருடம் உழைப்பவர்களுக்கு அது பெரிய விஷயம்தான்.

கடைசியாக ஒன்று. நிறுத்தினால் உடனே போய்விடாது. ஏறிய கார்னோசின் வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு முதல் பதினைந்து வாரம் வரை எடுத்துக்கொண்டு பழைய நிலைக்கு வரும். அதனால் போட்டிக்கு எட்டு வாரம் முன்னால் தொடங்கி, நடுவில் இரண்டு நாள் மறந்துபோனாலும் பதற்றப்படாமல் அடுத்த நாளிலிருந்து அதே 0.8 கிராமோடு தொடரலாம். விட்டுப்போன டோஸை ஒரே நேரத்தில் சேர்த்து எடுக்காதீர்கள், காது காட்டிக்கொடுத்துவிடும்.