ஒரே கூட்டம், இரண்டு மொழி மினிட்ஸ்

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரியில் ஏதாவது அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்துக்குப் போயிருப்பீர்கள். தலைவர் தமிழில் தொடங்குவார். வடக்கிலிருந்து வந்து குடியேறியவர் ஆங்கிலத்தில் கேட்பார். பதில் பாதி இதில், பாதி அதில் வரும். நமக்கு இதெல்லாம் பழக்கம்தான். நம் 1965 ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், ஆங்கிலத்தோடு மாகேவுக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு என்று இடம் ஒதுக்கிய சட்டமாயிற்றே! தகராறு கூட்டத்தில் வருவதில்லை, மினிட்ஸ் எழுதும்போதுதான் வருகிறது.

ஜெனரேட்டர் பழுது என்று வைத்துக்கொள்வோம். செயலாளர் ஜூன் 15-க்குள், 40,000 ரூபாய்க்கு மிகாமல் சரிசெய்ய வேண்டும் என்று முடிவாகிறது. ஆங்கிலத்தில் இது அப்படியே ஏறிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து வேறொருவர் தமிழில் எழுதுகிறார்: ‘ஜெனரேட்டரை விரைவில் பழுதுபார்க்க முடிவு செய்யப்பட்டது.’ படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆள் எங்கே? தேதி எங்கே? பணம் எங்கே? ஜூலையில் ஒரு தரப்பு செயலாளரைக் கேள்வி கேட்கும், இன்னொரு தரப்பு ‘யாரையும் பொறுப்பாக்கவில்லையே’ என்று சாதிக்கும். இரண்டு பேர் கையிலும் கையெழுத்திட்ட மினிட்ஸ் இருக்கும்.

‘செய்யப்படும்’, ‘ஆவன செய்யப்படும்’ என்று முடியும் வாக்கியங்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆளை மறைக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. ஆங்கிலத்திலும் இப்படி ஒளிந்துகொள்ளலாம், தமிழை மட்டும் குறை சொல்லவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். பேச்சு முழுவதையும் இரண்டு மொழியிலும் எழுத வேண்டாம். தீர்மான வரியை மட்டும் கூட்டத்திலேயே இரண்டு மொழியிலும் எழுதி, வாசித்துக் காட்டி, அப்புறம் கை தூக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே தீர்மான எண் இருக்கட்டும். மாதத்தை எழுத்தில் போடுங்கள். வெறும் 5/6 என்று எழுதினால் அது ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்ற சந்தேகம் வரும்.

பிறகு ஒரு சோதனை. ஆங்கிலப் பிரதியைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்ப் பிரதியை மட்டும் கொடுத்து யார், என்ன, எவ்வளவு, எப்போதைக்குள் என்று கேளுங்கள். ஆங்கிலம் மட்டும் படித்தவரிடமும் அதே நான்கு கேள்வி. பதில்கள் பொருந்தினால் சரி. சொல்லுக்குச் சொல் ஒத்திருக்க வேண்டியதில்லை, இந்த நான்கும் ஒத்திருந்தால் போதும். திரும்பச் சொல்கிறேன்: யார், என்ன, எவ்வளவு, எப்போதைக்குள்.

இன்னொன்று, திருத்தம். அடுத்த கூட்டத்தில் மினிட்ஸை உறுதிசெய்யும்போது ஒருவர் ‘40,000 இல்லை, 45,000’ என்பார். கையில் இருக்கும் பிரதியில் மட்டும் அடித்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டையும் அதே இடத்தில் திருத்தி, இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். முரண்பாடு வந்தால் எந்தப் பிரதி செல்லும் என்பதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சங்க விதியில் அதற்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதிவையுங்கள். சண்டை வந்த பிறகு எழுத முடியாது. வணக்கம்.