ஒரு ழகரத்தால காணாமப் போன பாட்டு

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் நான் ‘தாழை மடல்’னு ஒரு பாட்டை, ஒரு விநியோகஸ்தர் மூலமா, பாட்டுக் கேக்கற தளங்கள்ல வெளியிட்டேன். லிங்க் அனுப்பினா திறக்குது, பாடுது. ஆனா பேரைச் சொல்லித் தேடச் சொன்னா யாருக்குமே கிடைக்கல. ஏன்னு புரியறதுக்கு எனக்கு மூணு வாரம் ஆச்சு.

நண்பர்கள் அஞ்சு பேரை என் கண் முன்னாடியே தேடச் சொன்னேன். ரெண்டு பேர் Thazhai-ன்னு அடிச்சாங்க, ரெண்டு பேர் Thalai, ஒருத்தர் தமிழ்லயே தாழைன்னு. நான் கொடுத்திருந்ததோ Thaazhai. ஒருத்தர்கூட அப்படி அடிக்கல! ஒரு எழுத்து கூடக் குறைய இருந்தா தளமே ஓரளவு சமாளிச்சுக்கும். ஆனா ழ-வுக்கு l போட்டா தாழை ‘தலை’ ஆயிடுது. அப்புறம் தலைன்னு தொடங்குற பாட்டெல்லாம் முன்னாடி வந்து நிக்குது.

சரி, எல்லா ஸ்பெல்லிங்கையும் தலைப்புலயே சேர்த்துடலாமான்னு தோணும். வேண்டாங்க. தேடலுக்காகச் சொல்லை அடுக்கினா திருப்பி அனுப்பிடுவாங்க. தலைப்புக்கு ஒரே ஸ்பெல்லிங், நிறைய பேர் அடிக்கிறது எதுவோ அது. நான் Thazhai Madal-னு மாத்தினேன். ‘தாழை மடல்’ங்கிற தமிழ் எழுத்து வடிவத்தை, வேற மொழியில தலைப்பு கொடுக்கற கட்டத்துல போட்டேன். சில விநியோகஸ்தர்களோட படிவத்துல அந்தக் கட்டமே கண்ணுல படாது, மெயில் போட்டுக் கேக்கணும்.

அந்தப் படிவத்தைத் திரும்பத் திறந்தப்பதான் இன்னொண்ணு தெரிஞ்சுது. அதுல மொழி ரெண்டு இடத்துல வருது. ஒண்ணு, தலைப்பும் பேரும் எந்த மொழின்னு. இன்னொண்ணு, பாடியிருக்கிறது எந்த மொழின்னு. ரெண்டுலயும் ஏற்கெனவே இங்கிலீஷ்னு இருந்துச்சு, நான் பாக்காம அப்படியே விட்டுட்டேன். அதாவது இது தமிழ்ப் பாட்டுன்னு தளத்துக்கு நானே சொல்லல. எனக்கு ரொம்ப வலிச்ச இடம் இதுதான்.

திருத்தும்போது ஒரு விஷயத்துல கவனமா இருங்க. பழைய பாட்டை அழிச்சுட்டுப் புதுசா ஏத்தாதீங்க, இருக்கற வெளியீட்டுலயே திருத்துங்க. வேற வழியில்லாம மறுபடி ஏத்தினா அதே ஆடியோ ஃபைல், அதே ISRC. அது அந்த ஒலிப்பதிவுக்குன்னு இருக்கற 12 எழுத்து அடையாளம். புது எண் வாங்கிட்டா தளம் அதை வேற பாட்டாப் பாக்கும், இதுவரைக்கும் கேட்ட கணக்கு அதோட சேராது.

வரிகளையும் தமிழ் எழுத்துல கொடுத்தேன். பேர் ஞாபகமில்லாம ஒரு வரியை மட்டும் அடிச்சுத் தேடறவங்க நிறைய பேர் இருக்காங்க.

சரியாச்சான்னு உங்க போன்ல பாக்காதீங்க, நீங்க அடிக்கடி கேக்கறதால அது உங்களுக்கு மேலயே காட்டும். அந்தப் பாட்டைக் கேட்டிராத ஒருத்தர் போன்ல பாருங்க. இப்போ Thazhai-ன்னு அடிச்சா முதல்ல வருது, தமிழ்ல அடிச்சாலும் வருது. Thalai-ன்னு அடிச்சா இன்னும் கீழேதான் கிடக்குது.